தேவநம்பியதீசன் வாழ்ந்தது எப்போது?

சென்ற பாடசாலை விடுமுறையில் நமுனுகுலவிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நண்பர் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராக இருப்பவர். தேநீர் அருந்தி முடிப்பதற்குள் அவருடைய பன்னிரண்டு வயது மகள் ஒரு வினாத்தாளையும் இரண்டு நூல்களையும் கொண்டுவந்து எம்முன் வைத்தாள். அவள் முகத்தில் கோபமும் துயரமும் கலந்திருந்தன.

“தேவநம்பியதீசன் அரசனான ஆண்டு யாது?” என்பது வினா. அவள் கி.மு. 307 என்று விடை எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையினால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அவள் கொண்டுவந்த நூல்களுள் ஒன்று தந்தையின் அலுமாரியிலிருந்த பழைய சரித்திர நூல். அதில் 307 என்றே அச்சாகியிருந்தது. மற்றையது வகுப்பில் படிக்கும் நூல். அதில் 250 என்றிருந்தது.

“மாமா, நானாக எதையும் எழுதவில்லை. நூலில் இருந்ததைத்தான் எழுதினேன். இந்த இரண்டில் ஒரு நூல் பொய் சொல்கிறது. எது என்று சொல்லுங்கள்” என்றாள். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த அரசனை நேரில் கண்டவர் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லையே! எல்லாம் ஊகந்தானே?” என்றும் கேட்டாள்.

“பாடநூலில் உள்ளதை எழுதிவிடு, அம்மா” என்று தந்தை முன்னரே கூறிவிட்டார் போலும். அது அவளுக்குப் போதவில்லை. எமக்கும் அது போதிய விடையாகத் தோன்றவில்லை. அன்று மாலை அவளுக்கு எடுத்துக் கூறியவற்றை, இதே ஐயம் எழக்கூடிய மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படலாமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

அப்பாயி பிறந்த ஆண்டு

நண்பரின் தாயார் அடுப்பங்கரையில் இருந்தார். “உன் அப்பாயி எந்த ஆண்டிற் பிறந்தவர் என்பது உனக்குத் தெரியுமா?” என்று சிறுமியைக் கேட்டோம். அவளுக்குத் தெரியவில்லை. அப்பாயியையே கேட்டோம். “வருஷமெல்லாம் எனக்கு எங்கே தெரியும், தம்பி? சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது எனக்கு அஞ்சு வயசென்று எங்க ஆத்தா சொல்லும்” என்றார் அவர்.

“நல்லது. அந்த ஒப்பந்தம் கைச்சாத்தானது 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30-ஆந் திகதி. இனி நீ கணக்குப் பார்” என்றோம். சிறுமி உடனே, “1959” என்றாள்.

“இப்போது நீ செய்ததைத்தான் சரித்திர ஆசிரியரும் செய்கின்றனர். உன் கணக்கில் இரண்டு பகுதிகள் உள்ளன. 1964 என்பது சுவரில் அடித்த ஆணி. பத்திரிகைகளும் அரசாங்கப் பத்திரங்களும் அதற்குச் சான்று. ஐந்து வயது என்பது அந்த ஆணியிற் கட்டிய கயிறு. அதன் நீளத்திற்கு உன் பூட்டியின் நினைவொன்றே சான்று. அவர் பிழையாக நினைவு வைத்திருந்தால் கயிற்றின் நீளம் மாறும், ஆணி அசையாது. எவரேனும் ஓர் ஆண்டைச் சொன்னால், ஆணி எது, கயிறு எது என்று முதலிற் கேட்க வேண்டும்” என்று விளக்கினோம்.

ஏட்டிலுள்ள கயிறு

தேவநம்பியதீசனின் பெயர் பதுளையில் வாழ்வோர்க்குப் புதியதன்று. முதியங்கனை விகாரையை அவனோடு தொடர்புபடுத்திக் கூறும் மரபு நெடுங்காலமாக உள்ளது. அவனைப்பற்றி விரிவாகக் கூறும் நூல் மகாவம்சம். அந்நூல் அவன் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, ஏறக்குறைய கி.பி. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில் பாளி மொழியில் இயற்றப்பட்டது. அதனை இயற்றியவர் கி.மு. என்றோ கி.பி. என்றோ எண்ணவில்லை. புத்தர் பரிநிருவாணம் எய்திய ஆண்டிலிருந்து எண்ணினார்.

அவர் தரும் எண்கள் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். பரிநிருவாணத்திற்கு 218 ஆண்டுகளின்பின் இந்தியாவில் அசோகன் முடிசூடினான். 236 ஆண்டுகளின்பின் இலங்கையில் தேவநம்பியதீசன் முடிசூடினான். இவ்விருவரும் சமகாலத்தவர், ஒருவருக்கொருவர் பரிசில் அனுப்பி நட்புப் பூண்டவர் என்றும் அந்நூல் கூறுகின்றது.

இலங்கை மரபு பரிநிருவாணத்தைக் கி.மு. 543-இல் வைக்கின்றது. சிறுமி காகிதத்தில் 543-இலிருந்து 236-ஐக் கழித்தாள். 307 வந்தது. “ஆகா, என் விடை!” என்று துள்ளினாள்.

“ஆம், பழைய நூல் பொய் சொல்லவில்லை. மரபுக் கணக்கை நேர்மையாகப் போட்டிருக்கிறது. ஆனால் இக்கணக்கில் ஆணி எது?” என்று கேட்டோம். அவள் சிறிது சிந்தித்து, “543” என்றாள். “அந்த 543-ஐ எப்படிக் கண்டனர்? அதுவும் ஒவ்வோர் அரசனும் ஆண்ட ஆண்டுகளைப் பின்னோக்கிக் கூட்டிக்கூட்டி வந்ததே. ஆகவே அது ஆணியன்று. கயிற்றின் மறு நுனி.”

அக்கயிற்றில் ஐயத்திற்கு இடமான முடிச்சுகளும் உள. தேவநம்பியதீசனின் தந்தை மூத்தசிவன், பாட்டன் பண்டுகாபயன். பண்டுகாபயன் தன் முப்பத்தேழாம் வயதில் முடிசூடி எழுபது ஆண்டுகள் ஆண்டான் என்றும், அவன் மகன் மூத்தசிவன் அறுபது ஆண்டுகள் ஆண்டான் என்றும், பேரன் தேவநம்பியதீசன் நாற்பது ஆண்டுகள் ஆண்டான் என்றும் மகாவம்சம் கூறும். சிறுமி விரல்விட்டு எண்ணினாள். “பாட்டன் நூற்றேழு வயது வரை ஆண்டானா? மூன்று பேர் சேர்ந்து நூற்றெழுபது ஆண்டா?” என்று வியந்தாள். சரித்திர ஆசிரியருக்கும் அதே வியப்பே உண்டாயிற்று. நடுவில் விடுபட்ட காலத்தை நிரப்பச் சில ஆட்சிகள் நீட்டப்பட்டிருக்கலாமென்று அவர்கள் ஐயுற்றனர். ஆனால் ஐயம் மட்டும் சான்றாகாது. அசையாத ஆணியொன்று வேறெங்கேனும் வேண்டும்.

கல்லிற் கிடைத்த ஆணி

அது கிடைத்த வரலாற்றில் இலங்கைக்கும் பெரும்பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு அரசாங்க சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்னர் என்பார் பாளி கற்றார். 1826-இல் முல்கிரிகல விகாரையிலிருந்து மகாவம்சத்தின் பழைய உரையின் பிரதியொன்றைப் பெற்று, அதன் துணையுடன் நூலை மொழிபெயர்த்து 1837-இல் வெளியிட்டார். அதே ஆண்டில், கல்கத்தா நாணயசாலையில் அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் பிரின்செப் என்பார், இந்தியாவின் தூண்களிலும் பாறைகளிலும் பொறிக்கப்பட்டு எவராலும் படிக்க முடியாதிருந்த பிராமி எழுத்துகளைப் படித்தறிந்தார்.

அவற்றிலெல்லாம் ‘தேவானம்பிய பியதசி’ என்ற அரசனே பேசினான். யார் அவன்? பிரின்செப் முதலில் ஒரு தவறு செய்தார். மகாவம்சத்தில் வரும் தேவநம்பியதீசனே அவன் என்று எண்ணிவிட்டார்! பெயர் ஒத்திருந்ததால் நேர்ந்த பிழை அது. பின்னர் டேர்னர், தீபவம்சம் என்னும் வேறொரு பாளி நூலில் பியதசி என்ற பெயர் சந்திரகுப்தனின் பேரனான அசோகனுக்கு வழங்குவதைக் கண்டு எழுதினார். பிழை திருத்தப்பட்டது. 1915-இல் தென்னிந்தியாவில் மஸ்கி என்னுமிடத்தில் கிடைத்த சாசனத்தில் அசோகன் என்ற பெயரே வெளிப்படையாகக் காணப்பட்டது.

அசோகனுடைய பதின்மூன்றாம் பாறைச் சாசனம் எமக்கு மிகவும் வேண்டியது. அதில் அவன் தன் அறத்தூது எட்டிய நாடுகளைக் கூறுகின்றான். தெற்கே சோழர், பாண்டியர், தாம்பபண்ணி வரை என்கின்றான். தாம்பபண்ணி என்பது நம் இலங்கை. மேற்கே ஐந்து அரசரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றான்: அந்தியோக, துரமாய, அந்திகினி, மக, அலிகசுதர.

“இவை என்ன பெயர்கள்?” என்று சிறுமி சிரித்தாள். கிரேக்கப் பெயர்கள் பிராகிருத மொழியிற் புகுந்தபோது அடைந்த வடிவங்கள் அவை. அந்தியோக என்பவன் சிரியாவின் அந்தியோக்கஸ். துரமாய, எகிப்தின் இரண்டாம் தொலமி. அந்திகினி, மசிடோனியாவின் அந்திகோனஸ். மக, வட ஆபிரிக்காவிலுள்ள சைரீன் நாட்டு மாகஸ். அலிகசுதர, பெரும்பாலும் எபைரஸ் நாட்டு அலெக்சாந்தர். இவன் உலகை வெல்லப் புறப்பட்ட பேரரசன் அலெக்சாந்தர் அல்லன். பெயர் மட்டும் அது.

இவர்களுள் எபைரஸ் அலெக்சாந்தர் அரசனானது கி.மு. 272-இல். மாகஸ் இறந்தது 250-ஐ ஒட்டி, அல்லது அதற்குச் சில ஆண்டுகள் முன். ஆகவே ஐவரும் ஒருங்கே அரசராயிருந்த காலம் 272-க்கும் 250-க்கும் இடைப்பட்டதே. வேறெந்தக் காலத்திலும் இந்த ஐந்து பெயர்களையும் உயிரோடிருக்கும் அரசராக ஒருவன் கல்லிற் பொறித்திருக்க முடியாது.

இச்சாசனங்கள் அசோகன் முடிசூடிய பதின்மூன்றாம் ஆண்டளவில் எழுதப்பட்டவை என்பது அச்சாசன வரிசையிலுள்ள ஆண்டுக் குறிப்புகளாற் புலனாகின்றது. அந்தப் பதின்மூன்றைக் கூட்டினால், அவன் முடிசூடியது 285-க்கும் 263-க்கும் இடையில் என்றாகும். இன்னொரு வழியாலும் அங்கே வந்து சேரலாம். அவன் பாட்டன் சந்திரகுப்தன் அரசனானது ஏறக்குறைய 321-இல். அவன் ஆண்டது 24 ஆண்டு. மகன் பிந்துசாரன் ஆண்டது புராணங்களின்படி 25 ஆண்டு. அசோகன் முடிசூட்டு விழாவின்றிக் கழித்தது 4 ஆண்டு. இவற்றைக் கழித்தால் 268 வரும். ஓரிரு ஆண்டு முன்பின்னாக அசோகன் முடிசூடியது 268 என்று அறிஞர் கொள்வதற்குக் காரணம் இதுவே.

“இப்போது மரபுக் கணக்கைச் சோதித்துப் பார். 543-இலிருந்து 218-ஐக் கழி” என்றோம். 325 வந்தது. “அதன்படி சாசனம் எழுதப்பட்ட ஆண்டு 312 ஆகும். அந்த ஆண்டில் மாகஸ் சிறு குழந்தை. எபைரஸ் அலெக்சாந்தர் பிறக்கவேயில்லை. அவன் தந்தைக்கே அப்போது ஏழு வயது!” என்றோம். சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சட்டென்று வினவினாள்: “அந்தக் கிரேக்க அரசரின் ஆண்டுகள் மட்டும் எப்படிச் சரியென்று தெரியும், மாமா? அவையும் யாரோ சொன்ன கயிறுதானே?”

வானத்தில் அடித்த ஆணி

மிகச் சிறந்த வினா. இதற்கு விடை பபிலோனியாவின் களிமண் பலகைகளில் உள்ளது.

பபிலோன் நகரத்து வான நூலார், சந்திரனும் கோள்களும் நின்ற நிலைகளையும் கிரகணங்களையும் நாள்தோறும் ஈரமான களிமண்ணில் எழுதிவைத்தனர். அவற்றினூடே நாட்டு நடப்பையும் குறித்தனர். கி.மு. 331-இல் ஒரு சந்திர கிரகணத்தையும், பதினொரு நாட்களின்பின் பேரரசன் அலெக்சாந்தர் பாரசீக மன்னனை முறியடித்த போரையும் ஒரு பலகை கூறும். வேறொரு பலகை அவ்வலெக்சாந்தர் இறந்த நாளைக் கூறும். அது 323-ஆம் ஆண்டு யூன் மாதம் 11-ஆம் நாள்.

அதன்பின் வந்த சிரிய அரசர் காலத்தில், அரசர் மாறினாலும் மாறாத தொடர் ஆண்டெண் வழக்கிற்கு வந்தது. பபிலோனில் அதன் முதலாம் ஆண்டு கி.மு. 311. ஐம்பத்தோராம் ஆண்டில் முதலாம் அந்தியோக்கஸ் இறந்தான் என்றும், அறுபத்தாறாம் ஆண்டில் அவன் மகன் இரண்டாம் அந்தியோக்கஸ் இறந்தான் என்றும் ஓர் அரசர் வரிசைப் பலகை குறிக்கின்றது. முதலாம் ஆண்டு 311 என்றால் ஐம்பத்தோராம் ஆண்டு 261. அறுபத்தாறாம் ஆண்டு 246. சாசனத்தில் வரும் அந்தியோக மகனாயினும் தந்தையாயினும் நம் முடிபு மாறாது.

“முதலாம் ஆண்டு 311 என்பதற்கு என்ன சான்று?” என்று அவளே கேட்டாள். உள்ளே சுவரில் பஞ்சாங்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவரச் சொன்னோம். இவ்வாண்டு கிரகணம் எந்நாளில், எத்தனை நாழிகைக்குத் தொடங்கும் என்று அதில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தது. சந்திரன் ஓட்டம் கணிதத்திற்கு அடங்குவதால் அவ்வாறு கூற முடிகின்றது. முன்னோக்கிக் கணிக்கக்கூடியதைப் பின்னோக்கியும் கணிக்கலாம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பபிலோனில் எந்த இரவில் கிரகணம் தெரிந்தது என்பதை வான நூலார் இன்று கணித்துக் கூறுகின்றனர்.

“ஆனால் கிரகணம் அடிக்கடி வருமே! வேறொரு கிரகணத்தைக் கொண்டு ஏமாந்துவிட்டால்?”

ஏமாறக்கூடும். ஒரே வகையான கிரகணம் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவரும். ஆதலால் ஒரு கிரகணத்தை மட்டும் நம்புவதில்லை. வியாழன் வானத்தைச் சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகள். சனிக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். நம் வீடுகளில் குருப் பெயர்ச்சி என்றும் சனிப் பெயர்ச்சி என்றும் பேசுவது இதனையே. பலகைகள் சந்திரனோடு இக்கோள்கள் நின்ற இடங்களையும் மாதத்தையும் நாளையும் சேர்த்தே குறிக்கின்றன. அவை எல்லாம் ஒருங்கே பொருந்தும் ஆண்டு ஒன்றே. இவ்வாறு பொருந்தும் பலகைகள் ஒன்றல்ல, இரண்டல்ல, பல நூறு. எனவே அந்த ஆணி மனிதன் நினைவில் அடிக்கப்பட்டதன்று.

மீண்டும் இலங்கைக்கு

“இனி நீயே முடித்துவிடு” என்றோம். அசோகன் முடிசூடியது பரிநிருவாணத்திலிருந்து 218-ஆம் ஆண்டு. தீசன் முடிசூடியது 236-ஆம் ஆண்டு. இடைவெளி 18. அவள் 268-இலிருந்து 18-ஐக் கழித்தாள். 250 வந்தது. வகுப்பு நூலின் விடை!

மகாவம்சத்தை ஓரிடத்தில் ஐயுற்று இன்னோரிடத்தில் நம்புவது முறையா என்று வாசகர் கேட்கலாம். பதினெட்டு ஆண்டு என்பது குறுங்கயிறு. இருவரும் ஒரே காலத்தவர். அசோகனுடைய சாசனமும் தாம்பபண்ணிக்குத் தூது சென்றதைக் கூறுகின்றது. குறுங்கயிற்றில் பெரும்பிழை புகுதல் அரிது. இருநூறு ஆண்டு நெடுங்கயிறோ அவ்வாறன்று. மரபுக் கணக்கிற்கும் இக்கணக்கிற்கும் உள்ள 57 ஆண்டு வேறுபாடு அந்த நெடுங்கயிற்றிலேயே புகுந்திருக்க வேண்டும்.

“அப்படியானால் புத்தர் இறந்ததும் 543-இல் இல்லையா?” என்று அவள் தாழ்ந்த குரலிற் கேட்டாள். 218 என்ற எண்ணை மெய்யென்று கொண்டால், 268-உடன் அதனைக் கூட்ட 486 வரும். அறிஞர் பலர் நெடுங்காலம் அதனை ஒட்டியே கூறிவந்தனர். ஆனால் வடநாட்டுப் பௌத்த மரபொன்று அசோகனுக்கும் புத்தருக்கும் இடையில் நூறு ஆண்டுகளே என்கின்றது. அதனைத் தழுவிப் புத்தர் காலத்தை இன்னும் பிற்பட்டதாகக் கொள்வோரும் இன்று உளர். இங்கே ஆணியில்லை, கயிறு மட்டுமே உள்ளது. ஆகவே வழக்கு இன்னும் தீரவில்லை. வெசாக் நாளில் எண்ணப்படும் ஆண்டு சமய மரபின் ஆண்டு. அதனை அம்மரபினர் வழங்குவதில் குறை ஒன்றுமில்லை.

“மண்ணிற் கிடைக்கும் கரியைச் சோதித்து வயது சொல்கிறார்களே, அதைச் செய்யலாமே?” என்று தந்தை குறுக்கிட்டார். செய்கின்றனர், அனுராதபுரத்து மண்ணடுக்குகளின் தொன்மை அவ்வாறே அறியப்பட்டது. ஆனால் அச்சோதனை ஓர் ஆண்டைத் தருவதன்று. இந்த ஆண்டு தொடங்கி இந்த ஆண்டு வரை என்று ஓர் எல்லையைத் தருவது. இக்காலத்துக் கரிக்கு அவ்வெல்லை நூறு ஆண்டுகளையும் தாண்டி விரிந்துவிடும். 307-ஐயும் 250-ஐயும் பிரித்தறிய அது உதவாது. அன்றியும், அடுப்பிற் கிடந்த கரி, அரசனின் பெயரைச் சொல்லாது.

இருட்டிவிட்டது. நாம் பதுளைக்குப் புறப்பட எழுந்தோம். சிறுமி வினாத்தாளை எடுத்து, சிவப்புக் கோட்டின் அருகே பென்சிலால், “மரபுப்படி 307, சாசனப்படி 250 அளவில்” என்று எழுதினாள். ‘அளவில்’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடும் இட்டாள். பின்னர் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, “அப்பாயி, ஒப்பந்தம் போட்டபோது உங்களுக்கு அஞ்சு வயசுதான் என்று ஆத்தாவுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

“எனக்கு முன்பல் விழுந்த வருஷமாம், புள்ள” என்றார் அப்பாயி.

சிறுமி எம்மைப் பார்த்தாள். “முன்பல் ஆறு வயதிலும் விழுமே, மாமா! அப்போது 1958-ஆகவும் இருக்கலாம்” என்றாள்.